பச்சையாகத்தான் இருந்தது அந்த மரம்

போன வருஷம் சித்திரை மாதம். மம்சாபுரத்தில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் சற்றுக் கண்ணயர்ந்திருந்த நேரம். காற்று என்ற பேச்சே இல்லை. தென்னை ஓலைகூட அசையவில்லை. அப்போதுதான் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து தகரம் நசுங்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கொல்லைப் புளியமரத்தின் ஒரு கொப்பு, என் தொடை கனம் இருக்கும், ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே கிடக்கிறது. நல்லவேளை, ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

"காத்தே அடிக்கலையே, எப்படி விழும்? யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றாள் மதினி.

கண்ணும் இல்லை, காற்றும் இல்லை. விழுந்த கொப்பைப் புரட்டிப் பார்த்தபோதே தெரிந்தது. பட்டை பாதிக்கு மேல் உரிந்திருந்தது. கட்டை வெளுத்து சாம்பல் நிறமாக இருந்தது. முறிந்த இடத்தில் விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ரொம்ப நாளாகச் செத்துக் கிடந்த கொப்பு அது. பச்சைக் கொப்பை முறிக்கப் பெரும்பாலும் காற்று வேண்டும். பட்ட கொப்புக்குக் காற்று வேண்டாம். அது மரத்தோடு சேர்கிற இடத்தில் மக்கிக்கொண்டே வரும், என்றைக்கு அதன் கனத்தைத் தாங்க முடியவில்லையோ அன்றைக்கு விழும். அது அமைதியான மத்தியானமாகவும் இருக்கலாம்.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் தாத்தா காலத்து மரம். ஐம்பது அடி உயரம், நெஞ்சு உயரத்தில் அளந்தால் சுற்றளவு 11 அடி. ஒன்பது அடி உயரத்தில் இரண்டாகக் கவட்டை பிரிந்து ஒரு கிளை மேற்கே தெருப்பக்கம், இன்னொன்று கிழக்கே அடுப்படிக் கூரைமேல் கவிந்திருந்தது. பங்குனியில் புளி உலுக்கி, அதன் நிழலிலேயே கோணிப் பையை விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, கொட்டை எடுப்பார்கள். அம்மாவுக்கு அந்தக் கூலிக் கணக்கும் ஊர்க்கதையும்தான் வருஷத்துப் பொழுதுபோக்கு. பகல் முழுக்க அம்மாவின் கயிற்றுக் கட்டில் மரத்தடியில்தான் கிடக்கும்.

அன்றைக்கு அண்ணன் செய்தது எல்லா வீட்டிலும் செய்வதுதான். மரமேறுகிற அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டு, பட்டுப்போன கொப்புகளை மட்டும் இறக்கச் சொன்னான். அண்ணாச்சி உடனே ஏறவில்லை. தெருவைத் தாண்டி எதிர் மனைக்குப் போய் நின்றுகொண்டு, கண்ணுக்குமேல் கையை வைத்து மரத்தையே பார்த்தார். பிறகு நகர்ந்து இன்னொரு பக்கம். அவர் கட்டில் கிடக்கும் இடத்துக்கு வருவதற்கே கால்மணி ஆனது.

"கிட்ட நின்னா அடிமரம்தாம்மா தெரியும். அது எவ்ளோ ஒசரமோ அவ்ளோ தள்ளி நின்னு வானத்துல வச்சுப் பாக்கணும்" என்றார்.

அவர் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. உள்பக்கத்தில், நிழலில், சின்னச் சின்னக் கொப்புகள் நாலைந்து காய்ந்திருந்தன. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. வெயில் கிடைக்காத அடிக்கொப்பை மரமே கைவிட்டுவிடும், அது எல்லா மரத்திலும் நடப்பது. அவர் விரல் நீட்டியது உச்சிக்கு. மேற்குப் பக்கத்து உச்சியில் மட்டும் இலைக்கூட்டத்துக்கு மேலே மான் கொம்பு மாதிரி மொட்டை நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மற்ற பக்கமெல்லாம் சித்திரைத் துளிர் செக்கச்சிவந்து மின்னுகிறது.

"இது உச்சியில வந்த நோவு இல்ல. இந்தப் பக்கம் வேருல ஏதோ நடந்திருக்கு" என்றார்.

நடந்திருந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு தெருவில் வாய்க்கால் கட்டத் தோண்டினார்கள். மரத்திலிருந்து ஆறேழு அடி தள்ளித்தான் தோண்டினார்கள், ஆனால் கால் கனத்தில் இரண்டு வேர்களை வெட்டிப் போட்டதை அம்மா பார்த்திருக்கிறாள். அந்த வேர்க்கட்டையை அடுப்புக்கு எடுத்துக்கொண்டதும் அம்மாதான். வேர் போனால் தண்ணீர் குறையும், தண்ணீர் எட்டாத கடைசி இடம் உச்சி, அதனால் காய்ச்சல் அங்கே தெரியும். உடனே தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்துத் தெரியும். அதற்குள் தோண்டியதையே எல்லோரும் மறந்திருப்போம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொப்பு பட்டதா, வெறுமனே இலை உதிர்த்திருக்கிறதா என்று மாசி மாதம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. புளி அப்போது இலை கொட்டும். வாகை மரமோ கேட்கவே வேண்டாம், மொட்டையாக நின்று காய்ந்த நெற்றைக் கிலுகிலுக்கும். மற்ற கொப்புகள் துளிர்த்தபின் எது துளிர்க்கவில்லையோ அதுதான் சந்தேகக்காரன். கைக்கு எட்டினால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நுனிச் சுள்ளிகள் எல்லாம் உதிர்ந்து, பட்டையும் உரியத் தொடங்கிவிட்டால் அது செத்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

அண்ணாச்சி பட்ட கொப்புகளை இறக்கினார். போகும்போது, "அடிமரத்தையும் ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து பாருங்க" என்றார். "பாக்கலாம்" என்றான் அண்ணன். நானும் மதுரைக்குக் கிளம்பிவிட்டேன்.

அடிமரத்தைப் பார்த்தது என் அண்ணன் பேத்தி. ஐந்து வயது. ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "இங்க வாங்க, இதுல எழுதலாம்!"

மேற்குப் பக்கம், இரண்டு வேர்ப்புடைப்புகளுக்கு நடுவில், தரையை ஒட்டி ஒரு காளான். குடைக் காளான் இல்லை. சுவரில் அடித்த அலமாரித் தட்டு மாதிரி, அரைவட்டமாக, மரத்தோடு ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே செம்பழுப்பு, வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளப்பு. ஓரம் வெள்ளை. குனிந்து அடியைப் பார்த்தால் அதுவும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் குச்சியால் பெயர் எழுதியிருந்தாள். கீறிய இடமெல்லாம் பழுப்பாக மாறி எழுத்து அழகாகத் தெரிந்தது. சுற்றிலும் இலைச்சருகின் மேல் காபித்தூள் தூவிய மாதிரி ஒரு பொடி.

அண்ணன் வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவன் தென்னை விவசாயி. "இது நம்ம தென்னையில வருமே, தஞ்சாவூர் வாடல், அந்தக் காளான்ல" என்றான்.

தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 1952-ல் தஞ்சாவூர் பக்கம் புயலுக்குப் பிறகு பெரிதாகத் தலைகாட்டியதால் அந்தப் பெயர். அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாக நீர் கசியும், மட்டை தொங்கும், கடைசியில் அடியில் காளான் வரும். கேனோடெர்மா என்று விவசாய அதிகாரிகள் சொல்வார்கள். கேனோடெர்மா வகைக் காளான்கள் தென்னையில் மட்டுமல்ல, புளி, வேம்பு, வாகை, புங்கை என்று பல மரங்களின் அடியிலும் வேரிலும் வரும். வேர் வெட்டுப்பட்ட இடம் அவற்றுக்குத் திறந்த கதவு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தென்னையில் அந்தக் காளானைப் பார்த்தால் அண்ணன் அன்றைக்கே சுற்றி அகழி எடுத்து அடுத்த மரத்துக்குப் பரவாமல் தடுப்பான், வேப்பம் புண்ணாக்கை மரத்துக்கு 5 கிலோ கணக்கில் போடுவான். புளியமரத்துக்கு என்ன செய்தான்? அரிவாளால் காளானைச் செதுக்கி எறிந்தான். பக்கத்தில் மெத்தென்றிருந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு சிமெண்டும் மணலும் குழைத்து அடைத்துப் பூசினான். "அடைச்சாச்சு, இனி தண்ணி இறங்காது" என்றான். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஏனென்றால் அந்தத் தட்டு நோய் இல்லை. அது பழம். மாங்காயைப் பறித்தால் மாமரம் சாகாதே, அதே மாதிரி தட்டைச் செதுக்கினால் உள்ளே இருக்கிற பூஞ்சை சாகாது. வெள்ளை நூல்நூலாக அது கட்டைக்குள் வருஷக்கணக்கில் தின்றுகொண்டிருந்துவிட்டு, வயிறு நிறைந்த பிறகுதான் வெளியே காய்க்கிறது. நாம் பார்க்கிற முதல் அடையாளம் அதன் வேலையில் பாதி முடிந்த பிறகு வருவது. சிமெண்ட் இன்னும் மோசம். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவில் இடுக்கு விழும், அதில் தண்ணீர் இறங்கித் தங்கும். உள்ளே நடப்பதும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இன்னொன்றும் எங்களை ஏமாற்றியது. மரம் பச்சையாக இருந்தது. மேற்கு நுனியைத் தவிர்த்தால் எங்கும் தழை, அந்த வருஷம் காயும் குறைவில்லை. "இவ்ளோ காய்க்கிற மரமா விழும்?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன். மரத்தில் தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிச்சுற்றில். நடுவில் இருக்கிற வைரம் தாங்கிப்பிடிக்க மட்டும்தான். பூஞ்சை நடுவைத் தின்றால் தண்ணீர் பாட்டுக்கு ஏறும், இலை பாட்டுக்குத் துளிர்க்கும், தாங்குவதற்கு மட்டும் ஆள் இருக்காது.

பங்குனி வந்தது. மரத்தடியில் கோணிப் பை விரித்தார்கள். ஒன்பது பெண்கள், பத்தாவதாக அம்மா. இரண்டு வாரம் அங்கேயே உட்கார்ந்து புளி தட்டினார்கள். நான் மதுரையிலிருந்து வீடியோ காலில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சிமெண்ட் பூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

இந்த வருஷம் வைகாசியில் சிமெண்டுக்கு மேலேயும் பக்கத்திலும் மூன்று புதுத் தட்டுகள். அம்மா போன் செய்தாள். "ஏத்தா, அது திரும்ப வந்திருக்கு. ஒண்ணு பெரிய அப்பளம் அளவு இருக்கு."

இந்தத் தடவை ஒழுங்காகப் பார்ப்பது என்று முடிவு செய்து, வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா ஒருவரைக் கூட்டிப் போனேன். கையில் அவர் கொண்டுவந்தது ஒரு கொட்டாப்புளி, ஒரு பழைய குடையின் கம்பி, ஒரு டேப். அவ்வளவுதான். (உளியை அடிக்கிற கொட்டாப்புளியே பெரும்பாலும் புளியங்கட்டையில் செய்வதுதான். மரத்தை அதன் கட்டையாலேயே தட்டிப் பார்த்தோம்.)

நெஞ்சு உயரத்தில் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். கிழக்கே "டொக் டொக்" என்று கெட்டியான சத்தம். தெற்கேயும் அப்படியே. மேற்கே கீழிறங்க இறங்க அது "தொப் தொப்" என்று ஆனது. காளான்களுக்கு நடுவில் குடைக்கம்பியை வைத்து அழுத்தினார். அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு முழத்துக்கு அது இட்லியில் குச்சி இறங்குகிற மாதிரி இறங்கியது. இழுத்தபோது நுனியில் வெளுத்த நார் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பொந்து இருந்தாலே விழுந்திரும்னு இல்லம்மா" என்று ஆரம்பித்தார் சித்தப்பா. "குழாய் உள்ள ஓட்டைதான், நிக்கலையா? சுத்திலும் சுவர் எவ்ளோ கெட்டியா இருக்குங்கிறதுதான் கணக்கு."

கணக்கைத் தரையில் குச்சியால் போட்டுக் காட்டினார். சுற்றளவு 11 அடி என்றால் குறுக்களவு மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 21. அதில் மூன்றில் ஒரு பங்கு, 7 அங்குலம், நல்ல கட்டை சுற்றிலும் முழு வளையமாக இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்பது மரம் பார்ப்பவர்கள் வைத்திருக்கிற ஒரு கைக்கணக்கு. வளையம் ஒரு பக்கம் அறுந்திருந்தாலோ, வெடிப்பு ஓடியிருந்தாலோ அந்தக் கணக்கு செல்லாது. வேருக்கும் அது செல்லாது. எங்கள் மரத்தில் மேற்கே அடியில் வளையமே இல்லை.

அப்புறம் கவட்டை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். புளியம்பட்டை இயல்பிலேயே வெடிப்பும் பிளவுமாக இருக்கும், பல்லியோடு கரப்பான்பூச்சியும் குடியிருக்கும். அதில் எது வெறும் பட்டைப் பிளவு, எது கட்டையே பிளந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா டார்ச் அடித்துக் காட்டினார். பட்டைப் பிளவு குட்டைக் குட்டையாக வலை மாதிரி ஓடும், அடியில் பட்டைதான் தெரியும். இது கவட்டையின் நடுவிலிருந்து வடக்குப் பக்கமாக ஒரே கோடாக மூன்றடி கீழே இறங்கியிருந்தது. உள்ளே வெளிறிய கட்டை தெரிந்தது, பத்து ரூபாய்க் காசு சொருகும் அகலம். ஏணியைத் தெற்குப் பக்கம் மாற்றி வைத்தபோது அதே உயரத்தில் பட்டை முதுகெலும்பு மாதிரிப் புடைத்திருந்தது. உள்ளே வெடித்ததை மரம் மூட முயன்று முயன்று தைத்த தழும்பு அது. வடக்கே வெடிப்பு, நேர் எதிரே தெற்கே தழும்பு. அப்படியென்றால் வெடிப்பு மேலோடு நிற்கவில்லை, குறுக்கே ஓடிப் போயிருக்கிறது.

"இது பழைய வெடிப்பா இருக்கலாமே, அப்படியே நிக்கலாமே?" என்றான் அண்ணன். நியாயமான கேள்வி. பழைய வெடிப்போடு பல வருஷம் நிற்கிற மரங்களும் உண்டுதான்.

அதற்கும் சித்தப்பா ஒரு வழி வைத்திருந்தார். சுவரில் விரிசல் வளர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டு ஒட்டுவார்களே, அதேதான். மைதாப் பசை காய்ச்சி, செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, வெடிப்புக்குக் குறுக்கே மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழ் முனையைத் தாண்டி ஒன்று என்று மூன்று இடத்தில் இறுக்கி ஒட்டினோம். ஆனி மாதம் பிறந்து மேகாத்து ஆரம்பித்திருந்தது. மலையிலிருந்து இறங்கி வருகிற அந்தக் காற்று எங்கள் ஊரில் கொடிக்கயிற்றில் துணியை நிற்க விடாது. ஒரு ராத்திரி அடித்தது. காலையில் ஏறிப் பார்த்தால் மேல் தாளும் நடுத் தாளும் நேர்கோடாகக் கிழிந்திருந்தன. கீழ்த் தாள் முழுசாக இருந்தது. காற்றில் கவட்டை வாயைத் திறந்து மூடுகிறது, வெடிப்பின் கீழ் முனை இன்னும் ஓடவில்லை. இன்னும்.

அதற்குப் பிறகு சித்தப்பா சொன்னதுதான் எங்களை உட்கார வைத்தது. இத்தனை நாளும் நாங்கள் பயந்தது தெருவுக்கு. மேற்குக் கொப்பு பட்டிருக்கிறது, யார் தலையிலாவது விழுமோ என்று. அவர் கேட்டார்: "ஆடியில காத்து எங்கிருந்து அடிக்கும்?" மேற்கிலிருந்து. "அப்ப மரத்த இழுத்துப் பிடிக்கிறது எந்தப் பக்கத்து வேரு?" மேற்குப் பக்கத்து வேர். கூடாரத்தில் காற்று வரும் பக்கத்துக் கயிறுதானே விறைப்பாக நிற்கும்? அந்தக் கயிற்றைத்தான் வாய்க்காலுக்கு வெட்டினார்கள், மிச்சத்தைத்தான் காளான் தின்கிறது. மரம் சாய்ந்தால் தெருப்பக்கம் சாயாது. கிழக்கே, பச்சைப் பசேலென்று கவிந்திருக்கும் கிளையின் கனத்தோடு, அடுப்படி மேல் சாயும். அம்மாவின் கட்டில் கிடப்பதும் அந்தப் பக்கம்தான்.

யாரும் பேசவில்லை. அம்மா எழுந்து போய்க் கட்டிலைத் தூக்கினாள்.

காப்பாற்ற வழியே இல்லையா என்று நான் விடாமல் கேட்டேன். சில வருஷங்களுக்கு முன் கல்கத்தா போயிருந்தபோது, ஹவுராவில் தாவரவியல் பூங்காவில் அந்தப் பெரிய ஆலமரத்தைப் பார்த்திருக்கிறேன். 1864, 1867 புயல்களில் அதன் பெரிய கிளைகள் முறிந்தன, முறிந்த வழியாகப் பூஞ்சை ஏறியது. கடைசியில் 1925-ல் சுமார் 50 அடி சுற்றளவுள்ள தாய்மரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் மரம் இன்றைக்கும் காடு மாதிரி நிற்கிறது. சென்னை அடையாறு ஆலமரமும் அப்படித்தான், 1989 புயலில் தாய்மரம் சாய்ந்தது, விழுதுகள் நின்றன.

"ஆலுக்கு விழுது இருக்கு. புளிக்கு ஏது?" என்றார் சித்தப்பா. ஆனால் ஒன்றும் சொன்னார். இதே மரம் கண்மாய்க் கரையில் ஆளில்லாத இடத்தில் நின்றிருந்தால் தொடவே வேண்டியதில்லை, ஆந்தையும் கிளியும் குடியிருந்துவிட்டுப் போகட்டும். கவட்டை மட்டும் வெடித்து அடி நன்றாக இருந்திருந்தால் கிழக்குக் கிளையின் நீளத்தைக் குறைத்து, கம்பிவடம் கட்டிப் பார்க்கலாம். வெறும் பட்ட கொப்பு மட்டும் என்றால் போன வருஷம் செய்ததே போதும். மூன்றும் சேர்ந்து, கீழே வீடும் இருக்கும்போது அவரால் வேறு சொல்ல முடியவில்லை.

2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஓடும் காரின் மேல் விழுந்து, உள்ளே இருந்த பெண் ஒருவர் இறந்துபோனது எனக்கு நினைவு வந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பட்டா நிலத்து மரம் என்பதால் முடிவு எங்களுடையது. ரோட்டோர மரமாகவோ புறம்போக்கு மரமாகவோ இருந்தால் நாமாக வெட்ட முடியாது, போட்டோ எடுத்து உள்ளாட்சி அலுவலகத்திலோ வி.ஏ.ஓ.விடமோ எழுதிக் கொடுக்க வேண்டும். "ஆபத்தான மரம்" என்று மட்டும் எழுதாமல், காளான் எந்தப் பக்கம், வெடிப்பு எத்தனை அடி, கீழே என்ன இருக்கிறது என்று எழுதுவது நல்லது. அடிமண்ணில் புதிதாக விரிசல் விட்டு ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தால் மனு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

மரமேறும் அதே அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டோம். கவட்டையைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார். "வெடிச்ச கவட்டையில என் இடுப்புக் கயித்தக் கட்ட மாட்டேன். அடியையும் அறுக்க மாட்டேன், ஓட்டை மரம் நம்ம சொல்ற பக்கம் விழாது." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ராஜபாளையத்திலிருந்து கிரேன் வந்தது. ஈ.பி.யில் சொல்லி லைனை நிறுத்தினோம். கிழக்குக் கிளையை முதலில் நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். ஒன்றரை நாள் ஆனது. அம்மா முதல் நாள் முழுக்க உள் அறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடிமரத்தை அறுத்து முடித்தபோதுதான் அம்மாவைக் கூப்பிட்டேன். மேற்குப் பாதி கட்டையாகவே இல்லை. ஈரப் பஞ்சு மாதிரி வெளுத்துக் கிடந்தது, நடுவே கறுத்த கோடுகள். அண்ணன் பூசிய சிமெண்ட் முழுசாக, அச்சில் வார்த்த மாதிரித் தனியாகக் கழன்று விழுந்தது. கிழக்கே நல்ல கட்டையை டேப் வைத்து அளந்தேன். 5 அங்குலம். அந்த ஐந்து அங்குலத்தில்தான் ஐம்பது அடி மரம் நின்றிருந்தது. ஆறடிக்கு மேலே அறுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை மட்டும், மற்றதெல்லாம் வைரம் பாய்ந்த அருமையான கட்டை. மேலேயிருந்து பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

அம்மா குனிந்து அந்தப் பஞ்சைக் கிள்ளிப் பார்த்தாள். "பங்குனியில இந்த எடத்துலதான முதுகச் சாச்சு உக்காந்தேன்" என்றாள்.

மறுநாள் கறிக்கடைக்காரர் ஒருவர் வண்டி கொண்டுவந்தார். கறி வெட்டும் கட்டைக்குப் புளியை விட்டால் வேறு மரம் இல்லை, சிதறாது, கத்தியையும் மழுக்காது. மேல்மரத்தில் வட்ட வட்டமாக நாலு கட்டை எடுத்து, தட்டிப் பார்த்து, விலை பேசி ஏற்றினார். அடித்துண்டையும் தள்ளிவிடலாமே என்று அண்ணன் அதைக் காட்டினான். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தால் பட்டையில் இரண்டு தட்டு.

"இது வேணாண்ணே. சத்தமே சரியில்ல."